சிரிக்கக் கூடாத படம்

"இதுல உங்க பாஸ்போர்ட் தெரியலக்கா. உங்க கடை டியூப்லைட்தான் தெரியுது," என்றாள் டிராவல்ஸ் பெண்.

மருந்தக்கா எட்டிப் பார்த்தாள். கைபேசியில் அவள் எடுத்து அனுப்பிய படம் கணினித் திரையில் பெரிதாக நின்றது. பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்துப் பளபளப்பில் வெளிச்சம் ஒரு வெள்ளைக் கோடாக விழுந்து, பிறந்த தேதியைத் தின்றிருந்தது. மூலையில் அவளுடைய கட்டைவிரல் வேறு.

"கண்ணுக்குத் தெரியுதேம்மா."

"எனக்குத் தெரிஞ்சா போதுமா? அங்க விசா ஆபீஸ்ல உக்காந்திருக்கிறவனுக்குத் தெரியணுமே. நாலு மூலையும் விழணும். அடியில அம்புக்குறி போட்ட ரெண்டு வரி இருக்குது பாருங்க, அதுல ஒரு எழுத்துகூட மறையக் கூடாது. கொடுங்க, நானே ஸ்கேன் பண்றேன்."

அந்தத் தெருவில் மூன்று கடைகள் ஒட்டினாற்போல் இருந்தன. ஓரத்தில் மருந்துக்கடை, நடுவில் போட்டோ ஸ்டுடியோ, அடுத்தது டிராவல்ஸ். மருந்துக்கடையில் பல வருஷமாகக் கவுண்டருக்குப் பின்னால் நிற்பதால் அவளுக்கு மருந்தக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. தொற்றுக் காலத்தில் ஊரே முகக்கவசம் போட்டபோது அவளும் போட்டாள். ஊர் கழற்றியது, அவள் கழற்றவில்லை. "நாள் முழுக்க இருமுற ஆளுங்க நடுவுல நிக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டாள். அதில் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை.

முழு உண்மை முகக்கவசத்துக்கு அடியில் இருந்தது. உதட்டோரத்தில் மிளகளவில் தொடங்கிய வெண்புள்ளி இப்போது வாயைச் சுற்றிப் பரவி, முகவாயைக் கடந்து, இடது கன்னத்தில் பாதி வரை ஏறியிருந்தது. இதே வெண்புள்ளிக்குக் களிம்பு வாங்க வருகிறவர்களிடம், "இது ஒட்டுற வியாதி இல்லம்மா, தோல் நிறம் மாறுது, அவ்வளவுதான். இதுக்குப் போய் முகத்தை மூடிக்குவாங்களா?" என்று அவளே சொல்வாள், முகத்தை மூடிக்கொண்டு.

ஸ்கேனரின் மூடியைத் திறந்து பாஸ்போர்ட்டைக் கவிழ்த்து வைத்தாள் டிராவல்ஸ் பெண். வெளிச்சம் ஒரு முறை ஓடி நின்றது. இந்த முறை எழுத்துகள் ஒன்றுகூட மறையாமல் தெளிவாக நின்றன.

"காலாவதிக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கு, அது பிரச்சினை இல்ல. உள்ள நுழையற தேதியிலருந்து ஆறு மாசமாவது இருக்கணும்பாங்க. ஆமா, இதுல ஒரு முத்திரைகூட இல்லையேக்கா. எடுத்து வச்சு அழகு பார்த்தீங்களா?"

மருந்தக்கா பாஸ்போர்ட்டை வாங்கிப் புரட்டினாள். அந்தப் பாஸ்போர்ட் எடுத்த மறு வருஷம், வெளிநாட்டில் இருந்த அவளுடைய கூடப் பிறந்த அக்காவின் கணவர் இறந்தார். அக்கா அங்கே தனி மரமாக நின்றாள், பிள்ளைகளும் இல்லை. தங்கை போகவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று போனில் சொன்னாள். அக்கா, "சரிடி, பரவால்ல" என்றாள். அந்தப் 'பரவால்ல' இன்றைக்கும் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

இப்போது அக்காவுக்கு இதயத்தில் வால்வு மாற்ற வேண்டும். அடுத்த மாதம் என்று சொல்லியிருந்த ஆஸ்பத்திரி, திடீரென்று அடுத்த வெள்ளிக்கிழமை என்று முன்னால் இழுத்துவிட்டது. அக்கா போனில் அழவில்லை. மெதுவாக ஒன்று மட்டும் கேட்டாள். "உள்ள கொண்டுபோறதுக்கு முன்னாடி உன் மூஞ்சிய ஒரு தடவ பார்த்துட்டேன்னா போதும்டி. வர்றியா?"

"வர்றேன்க்கா," என்று அவள் சொல்லிவிட்டாள். சொல்லி முடித்த பிறகுதான் முகம் ஞாபகம் வந்தது.

"வர்ற காரணம் என்னன்னு விண்ணப்பத்துல கேக்குது," என்றாள் டிராவல்ஸ் பெண். "சுற்றிப் பார்க்க, உறவினரைச் சந்திக்க, ரெண்டு இருக்கு. உறவினரைச் சந்திக்கன்னு போடுறேன். அங்க போய்ச் சம்பளத்துக்கு வேலை பார்க்கப் போறதில்லையே?"

"அக்காவுக்குக் கஞ்சி வச்சுக் கொடுப்பேன். அது வேலையா?"

"அதுக்குச் சம்பளம் வாங்கினா சொல்லுங்க, விசாவையே மாத்தணும்."

அக்காவின் விலாசம், போன் எண், இறங்கப் போகும் விமான நிலையம், திரும்பும் நாள் என்று ஒவ்வொன்றாகப் பெட்டிகள் நிரம்பின. நுழையும் தேதிக்கு வந்ததும் மருந்தக்கா, "செவ்வாய்க்கிழமை ராத்திரி பிளைட்டுன்னுதானே சொன்னே, செவ்வாயே போடேன்," என்றாள்.

"அய்யோ, அங்கதான் எல்லாரும் வழுக்கி விழுவாங்க. ஏறுறது செவ்வாய், இறங்குறது புதன். நுழையற தேதின்னா அந்த மண்ணுல கால் வைக்கிற தேதி. அதுலருந்து முப்பது நாள். அதுக்கு ஒரு நாள் பின்னாடி போனா கேக்க மாட்டாங்க, ஒரு மணி நேரம் முன்னாடி போய் நின்னா உள்ள விடமாட்டாங்க. அனுப்பின பிறகு இந்தத் தேதிய மாத்தவும் முடியாது."

புதன்கிழமை என்று போட்டாள். வெள்ளிக்கு இரண்டு நாள் முன்னால். மருந்தக்கா அந்த எண்களைப் பார்த்து மனதுக்குள் ஒரு தடவை கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டாள்.

"இனி போட்டோ ஒண்ணுதான். சதுரமா, வெள்ளைப் பின்னணி, கண்ணாடி கூடாது, நிழல் விழக் கூடாது, நேராப் பார்க்கணும், சிரிக்கக் கூடாது. பக்கத்துல அண்ணன் கடையில எடுத்துட்டு அனுப்பச் சொல்லுங்க. முகமூடியோட எடுத்துடாதீங்க," என்று சொல்லிச் சிரித்தாள்.

டிராவல்ஸ் பெண் அந்தத் தெருவுக்கு வந்து இரண்டு வருஷம். முகமூடி இல்லாத மருந்தக்காவை அவள் பார்த்ததே இல்லை. பார்த்தவர் ஒரே ஒருவர்தான்.

---

போட்டோக்காரர் அறுபதை நெருங்குகிறவர். எதற்கும் குரலை உயர்த்தமாட்டார். அழுகிற குழந்தையைக்கூட, "சார், கொஞ்சம் ஒத்துழைப்பு கொடுங்க" என்றுதான் கேட்பார். மருந்தக்கா உள்ளே வந்ததும் வழக்கம்போல எழுந்து கண்ணாடிக் கதவின் திரையை இழுத்துவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. அவள் முகக்கவசத்தைக் கழற்றி மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

பாஸ்போர்ட்டுக்காக அவள் முதன்முதலில் இங்கே வந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். அன்றைக்கு உதட்டோரப் புள்ளி சின்னதுதான். படத்தைத் திரையில் பார்த்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் மௌஸை நகர்த்தினார். பக்கத்துத் தோலின் நிறத்தை எடுத்துத் தடவியதும் புள்ளி போய்விட்டது. "நல்லா வந்திருக்குண்ணே," என்றாள் அவள். அவ்வளவுதான் பேச்சு. பிறகு கடை அடையாள அட்டைக்கு, வங்கிக்கு, உறவுக்காரர் கல்யாணப் படத்துக்கு என்று அவள் வரும்போதெல்லாம் வெண்மை வளர்ந்திருக்கும், அவர் கையின் வேலையும் கூடவே வளர்ந்திருக்கும். அவள் கேட்டதில்லை. அவர் சொன்னதில்லை. அக்காவுக்குப் போன படங்கள் எல்லாம் அந்தக் கை தடவியவைதான்.

அன்றைக்கும் படம் எடுத்தார். சதுரமாக வெட்டினார். பின்னணியை வெள்ளையாக்கினார். வாயைச் சுற்றி, முகவாயில், கன்னத்தில் என்று பழகின கை தானாகப் போய்த் தானாகத் திரும்பியது. அதைத் தப்பென்று அவர் நினைக்கவில்லை. வெயிலில் நிற்பவருக்குக் குடை பிடிப்பது போலத்தான் நினைத்தார். "அக்காவைக் கேட்டதாச் சொல்லுங்க," என்று சொல்லிப் படத்தைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பினார்.

நல்ல மனசோடு செய்தது நல்லதாகத்தான் முடியும் என்று கடவுள் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை.

---

திங்கட்கிழமை காலை மருந்துக்கடையில் கூட்டம். டிராவல்ஸ் பெண் வரிசையைத் தாண்டி வந்து கவுண்டரில் கை வைத்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே மருந்தக்கா கையிலிருந்த மாத்திரை அட்டையைக் கீழே வைத்தாள்.

"விசா வரல. மெயில்தான் வந்திருக்கு. படம் திருத்தப்பட்டதாத் தெரியுது, திருத்தாத புதுப் படம் அனுப்பணுமாம். ஒரே ஒரு தடவதான் ஏத்த முடியும். அதுவும் சரியில்லன்னா விண்ணப்பம் தள்ளுபடி."

"திருத்தினதுன்னா?"

"எனக்கும் புரியல. வாங்க, அண்ணன்கிட்டயே கேப்போம்."

போட்டோக்காரர் மெயிலை இரண்டு முறை படித்தார். "பின்னணிதான் கொஞ்சம் வெள்ளையாக்கினேன்..." என்று ஆரம்பித்தார்.

"பின்னணிக்கு இப்படிச் சொல்லமாட்டாங்கண்ணே." டிராவல்ஸ் பெண் அவருடைய கணினியிலேயே படத்தைத் திறந்து பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். "பாருங்க. நெத்தியில தோல் தோலா இருக்கு. மூக்குக்குக் கீழ வந்தா பட்டி பார்த்து மழமழன்னு தேச்ச செவுரு மாதிரி இருக்கு. ஒரு சுருக்கம் கிடையாது, ஒரு ரோமக்கண் கிடையாது. வாய்க்கிட்ட என்ன பண்ணீங்க?"

அவர் மருந்தக்காவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். பொய் சொல்ல அவருக்கு வழி இருந்தது, மென்பொருள் தானாகச் செய்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"தப்பு என்னோடதும்மா," என்றார். "இது விசாவுக்குப் போற படம்னு எனக்குத் தோணியிருக்கணும். கை பழகிப்போச்சு."

"என்ன பழகிப்போச்சு?" என்றாள் டிராவல்ஸ் பெண்.

அதற்கு அவர் பதில் சொல்ல முடியாது. சொல்ல வேண்டியவள் வேறு. மருந்தக்கா திரும்பிக் கண்ணாடிக் கதவின் திரையை இழுத்துவிட்டாள். பிறகு கையைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோய் முகக்கவசத்தின் கயிற்றை எடுத்தாள்.

டிராவல்ஸ் பெண் பார்த்தாள். ஒரு மூச்சு உள்ளே போய் நின்றது. அவ்வளவுதான், அதை மருந்தக்கா கவனித்துவிட்டாள். அந்த மூச்சுக்குப் பயந்துதான் இத்தனை வருஷம். ஆனால் அந்தப் பெண் அடுத்த கணம் கிட்டே வந்து, கண்ணைச் சுருக்கி, மருந்தக்காவின் காதோரத்தைப் பார்த்தாள்.

"இந்த முடிக் கத்தை கன்னத்துல நிழல் விழுத்தும். ஊசி குத்துங்க. அண்ணே, லைட்ட இந்தப் பக்கமும் ஒண்ணு வைங்க. இனிமே ஒரு சின்னக் குத்தம்கூட அவங்களுக்குக் கிடைக்கக் கூடாது."

மருந்தக்காவுக்கு அழுகை வந்தது. "அழுதீங்கன்னா கண்ணு செவக்கும், அப்புறம் அதுக்கொரு மெயில் வரும்," என்றாள் அந்தப் பெண், ஊசியைக் குத்திக்கொண்டே. எவ்வளவு பெரிய புண்ணாக இருந்தாலும், அதைத் தொடாமல் பக்கத்தில் இருக்கும் முடியை ஒதுக்கிவிடத் தெரிந்தவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள்.

படம் எடுத்தாயிற்று. திரையில் முகம் வந்தது. இத்தனை பெரிதாகத் தன் முகத்தை அவள் பார்த்ததில்லை. வீட்டுக் கண்ணாடிக்கு முன்னால்கூடப் பல் தேய்க்கக் குனிந்த தலை நிமிராது. வாயைச் சுற்றிய வெண்மை, ஆற்றங்கரை போல வளைந்து கன்னத்தில் ஏறி நின்றது.

போட்டோக்காரர் சதுரமாக வெட்டினார். பிறகு அவருடைய வலது கை மௌஸின் மேலேயே கிடந்தது. விரல் ஆடியது. அவர் கையை எடுத்து இடது கையால் பிடித்துக்கொண்டார். "நீங்களே அனுப்புங்கம்மா. என் கைய நான் நம்பல," என்றார்.

"இருங்கண்ணே." மருந்தக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எனக்கு ஒரு சந்தேகம். பாஸ்போர்ட்ல இருக்கிற படமும் நீங்க எடுத்ததுதானே. அதுல ஒண்ணுமே இல்ல. இந்தப் படத்துல இவ்வளவு இருக்கு. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா, வேற ஒருத்தி வர்றான்னு நினைக்கமாட்டாங்களா?"

அவர் நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டார். அந்த நினைப்பு அவருக்கு முன்பே வந்துவிட்டது. வாய் திறக்கத்தான் தைரியம் இல்லை.

"கண்ணு, மூக்கு, எலும்பு, இது மூணும் மாறலையே," என்றாள் டிராவல்ஸ் பெண். ஆனால் அவள் குரலிலும் வழக்கமான துடுக்கு இல்லை. "தோல் மாறினதுக்காக நிறுத்தமாட்டாங்கன்னுதான் நினைக்கிறேன். சத்தியம் பண்ணிச் சொல்லத் தெரியாது. டாக்டர்கிட்ட ஒரு சீட்டு வாங்கிக் கையில வச்சுக்கோங்க. இதுல ஏத்த இடமில்ல, படம் மட்டும்தான் கேக்குது. அங்க இறங்கும்போது கேட்டா காட்டலாம்."

"பழைய படத்தையே வேற மாதிரி..." என்று போட்டோக்காரர் இழுத்தார்.

"வேணாம்ணே." மருந்தக்கா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "நான் கேக்காமலே செஞ்சீங்க. நானும் வேணாம்னு சொல்லல. ரெண்டு பேருமாச் சேர்ந்து பண்ணினது. இனி இதுதான் மூஞ்சி."

அவளே பொத்தானை அழுத்தினாள். ஏறிவிட்டது என்று ஒரு வரி வந்தது. நிலைமை: பரிசீலனையில்.

---

செவ்வாய்க்கிழமை மாலை வரை அந்த ஒரு வரி மாறவில்லை. டிராவல்ஸ் பெண் காலையிலிருந்து அந்தப் பக்கத்தைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். பெட்டி கட்டித் தயாராக மருந்துக்கடை அலமாரிக்குப் பக்கத்தில் நின்றது. வாடிக்கையாளர் ஒருவர், "ஊருக்கா? எப்போ பயணம்?" என்று கேட்டார். "கடவுள் கதவைத் திறந்தா," என்றாள் மருந்தக்கா.

விசா கையில் இல்லாமல் விமானத்தில் ஏற்றவே மாட்டார்கள். கடை சாத்துகிற நேரத்துக்கு டிராவல்ஸ் பெண் வந்து, பயணச்சீட்டைத் தள்ளிப்போட்டுவிட்டதாகச் சொன்னாள். "நாளைக்கு இடமில்லக்கா. வியாழக்கிழமை ராத்திரிதான் இருக்கு. வெள்ளி காலையில இறங்குவீங்க."

வெள்ளி காலையில்தான் அக்காவை உள்ளே கொண்டுபோகிறார்கள்.

போட்டோக்காரர் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று இதைக் கேட்டார். வெளியே வரவில்லை. அன்றைக்கு அவர் வீட்டில் சாப்பிடாமல் படுத்தார் என்று அவர் மனைவி பிறகு சொன்னாள். கை கூப்பி ஒரே ஒரு வேண்டுதல் செய்தாராம்: "நான் அழிச்சதுக்கு அந்தம்மாவைத் தண்டிக்காதே."

வீட்டில் மருந்தக்கா கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்காவிடம் தாமதத்தைச் சொல்ல வேண்டும். ஏன் தாமதம் என்று அக்கா கேட்பாள். இதுவரை வீடியோவில் பேசக் கூப்பிட்ட போதெல்லாம் கேமரா ரிப்பேர் என்று சொல்லியிருக்கிறாள். "அஞ்சு வருஷமா ரிப்பேரா? அந்தப் போனைத் தூக்கிக் கெணத்துல போடேன்டி," என்று அக்கா திட்டியிருக்கிறாள்.

இன்னொரு பொய்யும் தயாராக நாக்கில் வந்து நின்றது. அவள் அதை விழுங்கினாள். முகம் தெரியாத ஒரு அதிகாரிக்கு அனுப்பிய முகத்தை, கூடப் பிறந்தவளுக்கு ஒளித்து வைப்பது என்ன நியாயம் என்று தோன்றியது. போட்டோக்காரர் அனுப்பியிருந்த அந்தச் சதுரப் படத்தை எடுத்தாள். அதன் கீழே எழுதினாள்: "அக்கா, விசாவுக்கு எடுத்த படம். முன்னாடி அனுப்பினதெல்லாம் போட்டோக்கார அண்ணன் சரிபண்ணினது. இதுதான் இப்போ நான். இதனால்தான் அத்தான் போனப்போ வரல. இதனால்தான் இப்பவும் லேட்டாகுது. மன்னிச்சிடு."

அனுப்பிவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். சமையலறைக்குப் போய்க் காரணமில்லாமல் ஒரு பாத்திரத்தைக் கழுவினாள். திரும்பி வந்தபோது குரல் செய்தி வந்திருந்தது. அழுத்த மனம் வரவில்லை. அழுத்தினாள்.

முதலில் அக்காவின் மூச்சு. இப்போதெல்லாம் பேசுவதற்கு முன் அவளுக்கு மூச்சுச் சேர்க்க வேண்டியிருந்தது. பிறகு குரல்.

"படம் வந்துச்சு. ஏண்டி, ஏன் இப்படி உம்முன்னு உக்காந்திருக்கே? ஒரு சிரிப்புகூட இல்ல?"

அவ்வளவுதான். செய்தி முடிந்துவிட்டது.

மருந்தக்கா அதைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். வேறு எதுவும் அதில் இல்லை. பிறகு தட்டெழுதினாள், எழுத்துகள் மங்கிப் போய்த் தப்பும் தவறுமாக: "விசா போட்டோவுல சிரிக்கக் கூடாதாம்க்கா."

"அப்ப வந்து சிரி," என்று பதில் வந்தது.

---

புதன்கிழமையும் கழிந்தது. அவள் விண்ணப்பத்தில் போட்ட நுழையும் தேதி, அவள் இங்கே இருமல் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே வந்து போனது. வியாழக்கிழமை மத்தியானம் டிராவல்ஸ் பெண் ஓடி வந்தாள். கையிலிருந்த தாளை நீட்டினாள். அனுமதி. மேலே மூலையில் அந்தச் சதுரப் படம், வெண்மை ஒரு துளியும் குறையாமல்.

"புதன்லருந்து முப்பது நாள். ஒண்ணு போச்சு, மிச்சம் இருக்கு," என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டு.

போட்டோக்காரர் வாசலுக்கு வந்தார். தாளை வாங்கிப் படத்தைப் பார்த்தார். "நல்லா வந்திருக்கும்மா," என்றார். முதல் தடவையாக அந்த வார்த்தையை அவர் சொன்னார். பிறகு பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டுபோய் வண்டியில் வைத்தார். வேண்டாம் என்று சொல்ல வந்தவள், அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லாமல் விட்டாள். ஒருவர் மனப்பாரத்தை இறக்கி வைக்கச் சில சமயம் நம் பெட்டியைக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

விமானம் இறங்கியபோது அங்கே விடிந்திருந்தது. வரிசை நீளம். கைபேசிக்கு உயிர் வந்ததும் அக்காவின் பக்கத்து வீட்டம்மா அனுப்பிய செய்தி இருந்தது: "இப்போதுதான் உள்ளே கூட்டிக்கொண்டு போகிறார்கள். நான் கூட இருக்கிறேன். உங்கள் அக்கா உங்களை மெதுவாக வரச் சொன்னார்." மருந்தக்கா அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள். முன்னால் இன்னும் எத்தனையோ தலைகள். இரண்டு நாள் முன்னால் இதே இடத்தில் நின்றிருக்க வேண்டியவள்.

அவள் முறை வந்தது. அதிகாரி பாஸ்போர்ட்டைத் திறந்தார். தாளைப் பார்த்தார். முகக்கவசத்தைக் கழற்றச் சொல்லிச் சைகை காட்டினார். கழற்றினாள். பின்னால் நிற்கிறவர்கள் பார்ப்பார்கள் என்ற நினைப்பு வந்து, அப்படியே போனது.

அவர் பாஸ்போர்ட்டுப் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மறுபடி பாஸ்போர்ட்டைப் பார்த்தார். அவருடைய விரல் பக்கத்தின் மேல் நின்றது. கைப்பையைத் திறந்து டாக்டர் சீட்டை எடுக்கப் போனாள். அவசரத்தில் சீட்டு பையின் வாயில் மாட்டிக்கொண்டது. அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். அனுமதித் தாளில் இருந்த சதுரப் படத்தின் மேல் விரலை வைத்தார், பிறகு அவளை நோக்கி அதே விரலைக் காட்டித் தலையசைத்தார். இது நீ. விரல் ரேகைகளை வைக்கச் சொன்னார். முத்திரை விழுந்தது.

---

ஆஸ்பத்திரியில் அவள் காத்திருந்த நேரத்தைக் கடிகாரத்தில் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டம்மா ஒரு கோப்பைத் தேநீரை அவள் கையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "உள்ள போற வரைக்கும் போனைக் கையிலயே வச்சிருந்தாங்க. ஒரு போட்டோவைப் பார்த்துட்டே இருந்தாங்க," என்றாள். "நர்ஸ் வந்து கேட்ட பிறகுதான் கொடுத்தாங்க."

மருந்தக்கா கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கேட்டது முகம், கொடுத்தது படம். எதுவும் சரியாகிவிடவில்லை. ஆனால் அது பட்டி பார்த்த படம் இல்லை. அந்த ஒன்று போதுமா என்று அவளுக்குத் தெரியவில்லை. வேண்டிக்கொள்ள வார்த்தை வராமல், "இருக்கட்டும், இருக்கட்டும், அவ இருக்கட்டும்," என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தி சாயும் நேரத்தில் கூப்பிட்டார்கள். ஒருவர் மட்டும், கொஞ்ச நேரம் மட்டும். கதவில் நின்ற நர்ஸ் அவள் வெறும் முகத்தைப் பார்த்துவிட்டு, பெட்டியிலிருந்து ஒரு முகக்கவசத்தை எடுத்து நீட்டினாள். உள்ளே இது இல்லாமல் கூடாது. நாளெல்லாம் கழற்றியே இருந்துவிட்டு, இப்போது போட்டுக்கொள்ள வேண்டி வந்ததை நினைத்து மருந்தக்காவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. போட்டுக்கொண்டாள்.

அக்கா குழாய்களுக்கு நடுவில் சின்னவளாகிப் போய்க் கிடந்தாள். கண் பாதி திறந்திருந்தது. கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றவளை அந்தக் கண் கண்டுபிடிக்கச் சற்று நேரம் ஆனது. கண்டுபிடித்ததும் அங்கேயே நின்றது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஆனால் போர்வையின் மேல் கிடந்த கையில் ஒரு விரல் உயர்ந்து, கீழே இழுப்பதுபோல் மெல்ல வளைந்தது.

மருந்தக்கா நர்ஸைப் பார்த்தாள். நர்ஸ் அவளைப் பார்த்தாள். பிறகு நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பி, ஏற்கெனவே நேராக இருந்த திரையைச் சரிசெய்ய ஆரம்பித்தாள்.

மருந்தக்கா முகக்கவசத்தை முகவாய் வரை இறக்கினாள். சிரித்தாள்.